படத்தில் இல்லாத சொல்

“கணவரை இழந்த அத்தையின் கையால் தாலிக்கு ஆசி. மரபை உடைத்த மணமகள். சில கல்யாணங்கள் வெறும் கல்யாணங்கள் அல்ல, புரட்சிகள்.”

இதை எழுதியவன் நான்தான். 11 வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் என் பதிவுகளுக்கு வழக்கமாக இருநூறு முந்நூறு விருப்பம் வரும். அதில் பாதி மற்ற போட்டோகிராபர்கள் போடுவது. இந்தப் பதிவு மூன்று நாளில் 60,000 தாண்டியது. யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். கவிதை எழுதுகிறவர்கள், பெண்ணியம் பேசுகிறவர்கள், நான் மதிக்கிற இரண்டு எழுத்தாளர்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் பகிர்ந்திருக்கலாம். நான் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாலாம் நாள் மணப்பெண் கூப்பிட்டார். “அண்ணா, அந்த போஸ்ட்ட எடுத்துருங்க. அத்தை வீட்ல பிரச்சினை.”

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று அவரே உட்கார்ந்து சொன்னார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் தேங்காய் மேல் தாலியை வைத்து, அட்சதையோடு ஒரு தட்டில் சபைக்குள் கொண்டு வருவார்கள், தெரியும் இல்லையா. பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வதிப்பார்கள். தட்டு யாரிடம் போகிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்பதில் ஒரு கணக்கு உண்டு. தட்டை ஏந்தி வரும் சின்னப் பெண்ணுக்குக்கூட அந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கும். அன்று தட்டு அந்த அத்தையைத் தாண்டிப் போனது. அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் தூணை ஒட்டி நின்றிருந்தார். அவராகவே போய் நின்றதுதான். மணமேடையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “அத்தை!” என்று ஒரே ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. தட்டு திரும்பியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு தாலி மேல் கை வைத்தார். நான் பக்கவாட்டில் 70-200 லென்ஸோடு நின்றேன். நாலு ஃபிரேம் எடுத்தேன். மூன்றாவது ஃபிரேமில் கை, மூடிய கண், நெற்றியில் பொட்டு, பின்னால் மங்கலாக மணப்பெண்ணின் முகம். அத்தோடு முடிந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, மேளக்காரர் பார்க்கவில்லை. சபையில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நெற்றியில் பொட்டு என்று எழுதினேன் அல்லவா, அங்கேதான் விஷயம். அத்தையின் கணவர் இறந்து 9 வருடம். அதன் பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்துவிட்டார். தனியாக ஒரு பெண் வாடகைக்கு வீடு தேடினால் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வீடு பார்த்து, மூன்றும் தட்டிப்போய், நாலாவது வீட்டில் “அவரு துபாய்ல இருக்காரு” என்று சொல்லியிருக்கிறார். வீடு கிடைத்தது. பொட்டு வைத்துக்கொண்டார், பூ வைத்துக்கொண்டார். ஆடி வெள்ளிக்கு மாடிவீட்டு அம்மா மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டால் போய் வாங்கிக்கொண்டார். ஆறு வருடம் இப்படி. அந்தப் பொய்க்குள் அவர் நிம்மதியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்காரரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். முற்போக்கான பெண். என் பதிவை அவளும் பகிர்ந்திருக்கிறாள், இதயக் குறி எல்லாம் போட்டு. அப்புறம்தான் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த ஆடியில் மாடியிலிருந்து கூப்பிடவில்லை, அவ்வளவுதான். படியில் பார்த்தால் அந்த அம்மா, “பாவம், சொல்லிருக்கலாமே” என்றாராம். அந்தப் “பாவம்” வராமல் இருக்கத்தான் அவர் ஆறு வருடம் பாடுபட்டார்.

இப்போது என் படத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு நடுவயதுப் பெண், பொட்டு, பட்டுப்புடவை, தாலி மேல் கை. படம் எதையும் சொல்லவில்லை. அதை மாடிவீட்டு அம்மா பார்த்திருந்தால் “நம்ம கீழ்வீட்டு அக்கா எவ்வளவு அழகா இருக்காங்க” என்றிருப்பார். விதவை என்ற செய்தி படத்தில் எங்குமே இல்லை. அதைக் கேப்ஷன் கொண்டுவந்தது. நான் கொண்டுவந்தேன். ஷட்டரை அழுத்தியபோது நான் செய்யாத ஒரு காரியத்தை, இரண்டு நாள் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கட்டைவிரலால் செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒப்புதல் என்று யாராவது பேச்செடுத்தால் எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். முகம் தெரியலாமா, மங்கலாக்கலாமா, குழந்தை இருந்தால் என்ன செய்வது. கேப்ஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. படம் ஒரு முகத்தைத்தான் காட்டும். அந்த முகத்துக்குப் பெயர், உறவு, ஊர், தேதி, கதை எல்லாவற்றையும் கொடுத்து, தேடினால் கிடைக்கிற ஆளாக மாற்றுவது கேப்ஷன்.

ஏன் எழுதுகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன், உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில். முன்பு கல்யாணப் படம் என்றால் மேடையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பது. அதற்குக் கேப்ஷன் தேவைப்படவில்லை, ஆல்பத்தைப் புரட்டுகிறவருக்கு எல்லோரையும் தெரியும். கேண்டிட் வந்த பிறகு நாங்கள் தருணங்களை விற்க ஆரம்பித்தோம். தெரியாதவர்கள் பார்க்கிற இடத்தில் தருணத்தை வைத்தால் அது புரியாது. அழுகிற ஒரு பெரியவர், அவ்வளவுதான். அதனால் “மகளைப் பிரியும் தந்தையின் கண்ணீர்” என்று எழுதுகிறோம். அவர் எதற்கு அழுதார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் படம் எடுத்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்தபடியே இருந்தார். உருகி உருகி எழுதி வைத்திருந்தேன். அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நல்லவேளை, போடுவதற்கு முன்னால் தெரிந்தது. ஒரு சிறுகதைகூட உருப்படியாக எழுதத் தெரியாதவர்கள், அடுத்தவர் முகத்தை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு சிறுகதை எழுதுகிறோம். 2,200 எழுத்துவரை இடம் கொடுக்கிறது இன்ஸ்டாகிராம். ஆனால் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதி `more` என்பதற்குப் பின்னால் போய்விடும். அதனால் இருப்பதிலேயே பெரிய வெடியை முதல் வரியில் வைக்கப் பழகிக்கொண்டோம். என் முதல் சொல்லே “கணவரை இழந்த”. அது தற்செயல் இல்லை.

இந்த விஷயத்தை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் பதில்: “கல்யாணம்னா பொது விசேஷம்டா. ஆயிரம் பேர் பாக்கத்தானே வர்றாங்க. கேமரா இருக்குன்னு தெரிஞ்சுதானே வந்தாங்க.”

மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். எங்கள் தெற்குப் பக்கத்தில் மொய் எழுதியவர் பெயரையும் தொகையையும் மைக்கிலேயே வாசிப்பார்கள். தெருவே கேட்கும். யார் 500, யார் 5,000, யார் போன தடவை வாங்கியதைத் திருப்பிச் செய்யவில்லை, எல்லாம் அன்று பொதுத் தகவல்தான். ஆனாலும் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? வீடு புகுந்து அடிப்பார்கள். மைக்கில் சொன்னது அந்தப் பந்தலுக்குள் இருந்தவர்களுக்கு. சொன்ன ஒவ்வொருவரையும் கேட்டவருக்குத் தெரியும், கேட்டவரைச் சொன்னவருக்கும் தெரியும். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது அந்தச் சபைக்குத்தான். முகமும் அப்படித்தான். அத்தை அந்தச் சபையில் விதவையாக நிற்கச் சம்மதித்துத்தான் வந்தார். தூணுக்குப் பின்னால் என்றாலும் வந்தார். கோயம்புத்தூர் மாடிவீட்டுக்கு அவர் அந்தப் பத்திரிகையை வைக்கவே இல்லை.

இரண்டாவது பதில் சட்டம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களுடையது. “நான் எடுத்த படம், என் காப்புரிமை.” அதுவே தப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இது தெரிந்துதான் நாங்கள் கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் “படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு” என்று ஒரு வரி அச்சடித்து வைத்திருக்கிறோம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? அட்வான்ஸ் கொடுக்க வந்த பெண்ணின் அப்பா. பின்பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மணமக்கள் இருவரும் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்த விருந்தாளி அந்தத் தாளில் எங்கேயுமே இல்லை. படத்தின் உரிமை மணமக்களுக்கே இருந்தாலும், அத்தையைப் பற்றிச் சொல்லும் உரிமை அதற்குள் வந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவருடைய திருமணம், குடும்பம் பற்றிய செய்தியை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். இதை உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான் சொன்னது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கு. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்று பத்திரிகைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பு, தன்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும் எழுதி வைத்தது. “உண்மையாகவே இருந்தாலும்” என்பதை நான் பல தடவை படித்தேன். என் கேப்ஷனில் பொய் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்கவிடாதது. அது உங்களிடமிருந்து, உங்களைப் போன்றவர்களிடமிருந்து வந்தது. “அந்தப் படம் எத்தனை பேரை யோசிக்க வெச்சுது தெரியுமா? அடுத்த கல்யாணத்துல ஒரு அத்தையைத் தட்டு தாண்டிப் போகாம இருந்தா அது உன் கேப்ஷனாலதான்.” இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மரபை மீறியது மணப்பெண். பயந்துகொண்டே கையை வைத்தது அத்தை. அதற்கான விலையைக் கொடுத்ததும் அத்தை. கைத்தட்டு வாங்கியது நான், அதற்கப்புறம் பகிர்ந்த நீங்கள். நம் இருவருக்கும் ஒரு பைசா செலவில்லை. அத்தை ஒரு போராட்டத்தில் கலந்துகொள்ள வரவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தார். அவர் விரும்பினால், “ஆமா, நான்தான், எழுதிக்கோ” என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, அது ஒரு ஃபோன் தூரத்தில் இருந்தது. நான் மணப்பெண்ணிடம் மட்டும் கேட்டேன். அவர் சரி என்றார், அவருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அத்தை கோயம்புத்தூரில் என்ன சொல்லி வாழ்கிறார் என்று அவருக்கே தெரியாது. கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் இப்படி ஏதோ ஒன்றை மடியில் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆபீசில் காய்ச்சல் என்று லீவு போட்டு வந்தவர், புருஷனிடம் வேறு காரணம் சொல்லிவிட்டு வந்தவர், கடன்காரனுக்குத் தெரியாமல் ஊருக்கு வந்தவர். மணமக்களால் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுக்க முடியாது, அவர்களுக்கு அது தெரியவே தெரியாது என்பதனால்.

சரி, பின்னே என்ன எழுதுவது? ஒன்றுமே எழுதாமல் இருந்தால் தொழில் ஓடாது. போன ஐப்பசியில் எடுத்த ஒரு கல்யாணத்துக்கு எழுதிய கேப்ஷனைச் சொல்கிறேன். எப்படி எழுதி எப்படி அடித்தேன் என்பதோடு.

ஆல்பம் கொடுத்து முடித்து மூன்று வாரம் கழித்துத்தான் பேச்சையே எடுத்தேன். படம் கைக்கு வருவதற்கு முன்னால் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், எங்கே ஆல்பத்தைத் தாமதம் பண்ணிவிடுவானோ என்ற பயம் இருக்கும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பினேன். போட நினைக்கிற ஆறு படங்கள், கூடவே போட நினைக்கிற வார்த்தைகள், அப்படியே. “படம் போடட்டுமா?” என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. பெண் இரண்டு படத்தை வேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை நாலு நாள் பதிலே போடவில்லை. முன்பெல்லாம் மௌனம் சம்மதம் என்று போட்டுவிடுவேன். இப்போது மௌனம் என்றால் இல்லை. ஐந்தாம் நாள் அவர் சரி என்றார், ஒரு மாற்றத்தோடு.

மிச்சம் நாலு படம். அவற்றை மணமக்களை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். இது பழக்கத்தில்தான் வரும். ஃபோனில் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரங்களை மட்டும் பார்ப்பேன். ஒரு படத்தில் பின்னால் மண்டப வாசல் பூப்பலகை, இரண்டு பேர் பெயரும் தெளிவாக. இன்னொன்றில் உறவுக்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸ், அதில் எட்டுப் பேர் முகம், சாதிச் சங்கப் பெயர், ஒரு ஃபோன் நம்பர். நாம் கேப்ஷனில் சாதியை எழுதாமல் இருந்து என்ன பயன்? பின்னால் பத்தடி அகலத்தில் எழுதியிருக்கிறது. அதை வெட்டினேன். மூன்றாவதில் மணமேடை ஓரத்தில் ஒரு சின்னப் பையன், சட்டை இல்லாமல், அப்பளம் தின்றுகொண்டு. ரொம்ப அழகு. அவன் அம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்டால் போடலாம். தேட நேரமில்லை, அதனால் போடவில்லை. முகத்தை மங்கலாக்கி ஸ்மைலி வைப்பது எனக்குப் பிடிக்காது. பார்க்கிறவர் எல்லோரும் அந்த ஸ்மைலிக்குப் பின்னால் யார் என்றுதான் யோசிப்பார்கள். நாலாவதில் பின்னணியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் மங்கல். தெரிந்தவர் பார்த்தாலும் அடையாளம் தெரியாத அளவு. அது இருக்கலாம். கூட்டம் கூட்டமாகவே இருக்கிற வரை தொந்தரவில்லை. ஒருவர் மட்டும் அதிலிருந்து தனியாகத் தெரிய ஆரம்பித்தால் அவரைக் கேட்க வேண்டும்.

இனி கேப்ஷன். கை பழக்கத்தில் முதலில் எழுதியது இது:

“திண்டுக்கல் பொண்ணு, சென்னைப் பையன். ஐந்து வருட காத்திருப்பு. இரு வீட்டு எதிர்ப்பையும் தாண்டி, அம்மாவின் கண்ணீரோடு, தாத்தாவின் ஆசியோடு...”

எழுதி முடித்துப் படித்தபோது பழைய நோய் அப்படியே இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, இது யாருடைய செய்தி என்று கேட்டுப் பார்த்தேன். “எதிர்ப்பு” இரு வீட்டுப் பெற்றோரைப் பற்றியது. அவர்கள் இப்போது சமாதானமாகி மேடையில் நின்றவர்கள். எதிர்த்தவர்கள் என்று ஆயுள் முழுக்க இணையத்தில் நிற்க அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அடித்தேன். “அம்மாவின் கண்ணீர்”, அம்மாவுடையது. அடித்தேன். தாத்தாவும் போனார். “ஐந்து வருடம்” மணமக்களுடையது, அவர்கள் சம்மதித்தால் இருக்கலாம். மாப்பிள்ளை எடுக்கச் சொன்னது அதைத்தான். ஏன் என்று பிறகு அவராகவே சொன்னார்: ஐந்து வருடம் என்றால் அவர் தங்கை கல்யாணத்துக்கு முன்னாலேயே பழக்கம் என்று ஆகிறது, தங்கை வீட்டாரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஊர், மண்டபப் பெயர், தேதி, டேக், எல்லாம் போனது. போட்டது இவ்வளவுதான்:

“முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. மாலை கனக்குது என்றார் இவர். அவர் ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், கடைசி வரைக்கும். படத்தில் கை தெரியாது, மாலை மட்டும் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும். ஐப்பசி வெயில், கிழக்கு ஜன்னல், ஃபிளாஷ் போடவில்லை.”

இதில் கொண்டாட்டம் குறைகிறதா? இரண்டு பேருக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று இதைவிட எனக்குச் சொல்லத் தெரியாது. வேலை தேடி வருகிற வாடிக்கையாளருக்குத் தேவையானது கடைசி வரியில் இருக்கிறது. பெண் அதைப் படித்துவிட்டு, “அவன் கை வலிச்சுதுன்னு அப்புறம் ரெண்டு நாள் சொல்லிட்டே இருந்தான், அதையும் சேத்துக்கோங்கண்ணா” என்று எழுதினார். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். சேர்க்கவில்லை.

“மணமக்கள் சம்மதத்துடன்” என்று கீழே ஒரு வரி போடுவது இப்போது சிலரிடம் ஃபேஷன். நான் போடுவதில்லை. சம்மதம் வாங்குவது ஓட்டலில் கை கழுவுவது மாதிரி, சுவரில் எழுதி ஒட்டுகிற சங்கதி இல்லை. தவிர, சம்மதம் நாளைக்கு மாறலாம். 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் என் மாதிரி ஆளை எங்கே தொடும் என்பதை வக்கீல்கள் பேசட்டும். நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எடுங்கள் என்று ஒரு மெசேஜ் வந்தால், ஏன் என்று கேட்காமல் அன்றே எடுத்துவிடுகிறேன். இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒன்று விவாகரத்து. அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய “என்றென்றும்” என்ற சொல் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் கூசுகிறது.

`#wedding` போதாதென்று சாதிப் பெயரையும் சேர்த்து ஒட்டுகிற டேக்குகளைப் பற்றி ஒரு வரி. அவற்றைத் தேடித்தான் வாடிக்கையாளர் வருகிறார்கள், தெரியும். எனக்கும் வந்தார்கள். கலப்புத் திருமணம் செய்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் நண்பராக உட்கார்ந்திருக்க, யார் யார் எந்தச் சாதிக் கல்யாணத்துக்கு எந்த ஊரில் போனார்கள் என்று தேடி எடுக்க வசதியாக அட்டவணை போட்டுக் கொடுக்கிறோம். இந்த ஊரில் அப்படித் தேடுகிறவர்கள் எதற்குத் தேடுவார்கள் என்று 2016 உடுமலைப்பேட்டைக்குப் பிறகும் ஒரு தமிழ்ப் போட்டோகிராபருக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

நஷ்டம் உண்டு. மறைக்கவில்லை. இப்போது என் பதிவுகளுக்கு மறுபடி அதே இருநூறு முந்நூறுதான். கூட வேலை பார்த்த பையன் தனியாகப் போய், கண்ணீர் கேப்ஷன்களோடு என்னைவிட நன்றாக ஓடுகிறான். இரண்டு பேர் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு “எமோஷன் கம்மியா இருக்கே” என்று வேறு ஆளிடம் போனார்கள். அவன் செய்வது தப்பு என்று அவனிடமே சொன்னேன். “அண்ணே, ஒங்களுக்கு ஒரு அத்தை மாட்டிக்கிட்டாங்க, அதான்” என்றான். உண்மைதான்.

அந்தப் பதிவை நாலாம் நாளே எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? திரைப்பிடிப்புகள் எங்கெங்கோ சுற்றுகின்றன. ஒரு பெரிய பக்கத்துக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டும் பதிலில்லை. மகளிர் தினத்துக்கு மறுபடியும் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூர் போனேன். மணப்பெண்ணிடம் சொல்லி, அத்தை வரச் சொன்ன பிறகுதான். வீட்டுக்கு வேண்டாம் என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு வரச்சொன்னார். மன்னிப்பு கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, “அந்த எழுத்தை எழுதாம படத்தை மட்டும் போட்டிருக்கலாமே தம்பி. நான் நல்லாத்தானே இருக்கேன் அதுல” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, அதைப் பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். எட்டுக்குப் பன்னிரண்டு அளவில், ஃபிரேம் போட்டு அடுத்த வாரமே அனுப்பினேன். பணம் எவ்வளவு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஃபிரேம் கறுப்பில் போட்டுவிட்டேனாம், மரக் கலரில் இருந்தால் ஹாலுக்குப் பொருத்தமாக இருக்குமாம்.